ஒரு டிரேடில் 1% ரிஸ்க் என்றால் என்ன? எத்தனை பங்கு வாங்குவது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பங்குச் சந்தை பற்றிப் பேச்சு வந்தாலே "எதை வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "எந்த விலையில் வாங்கலாம்?" என்று அடுத்து கேட்பார்கள். "எத்தனை பங்கு வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பலரிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கும். 'எப்பவும் 100 ஷேர்தான் வாங்குவேன்' என்பார்கள், அல்லது கணக்கில் உள்ள பணத்தைப் பங்கின் விலையால் வகுத்து வருவதை அப்படியே வாங்கிவிடுவார்கள்.

இந்த மூன்றாவது கேள்விக்கு டிரேடர்கள் மத்தியில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ஒரு விடைதான் '1% விதி'. ஒரு டிரேட் தவறாகப் போனால், உங்கள் மொத்த மூலதனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்பது அதன் சாரம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் நிறைய.

முதல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 1% ரிஸ்க் என்றால் மூலதனத்தில் 1 சதவீதத்துக்குப் பங்கு வாங்குவது என்று பொருள் இல்லை. 2 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் 2,000 ரூபாய்க்கு மட்டும் பங்கு வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் 60,000 ரூபாய்க்குக்கூட வாங்கலாம். ஆனால் கணிப்பு தவறி வெளியே வரும்போது இழப்பு சுமார் 2,000 ரூபாயோடு நிற்க வேண்டும். முதலீடு செய்யும் தொகை வேறு, ரிஸ்க் எடுக்கும் தொகை வேறு.

எண்ணிக்கை எப்படி வருகிறது?

உங்கள் டிரேடிங் கணக்கில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1% என்றால் 2,000 ரூபாய். ஒரு பங்கு 500 ரூபாயில் இருக்கிறது. அது 485-க்குக் கீழே போனால் நம்முடைய கணிப்பு தப்பு என்று சார்ட்டைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள். அந்த 485-தான் ஸ்டாப் லாஸ். அதாவது ஒரு பங்குக்கு 15 ரூபாய் இழக்கத் தயாராக இருக்கிறீர்கள். 2,000-ஐ 15-ஆல் வகுத்தால் 133 பங்குகள்.

```
எண்ணிக்கை = (மூலதனம் × 1%) ÷ (வாங்கும் விலை − ஸ்டாப் லாஸ் விலை)
```

இதே 500 ரூபாயில் இன்னொரு பங்கு இருக்கிறது. ஆனால் அது தினமும் அதிகமாக ஏறி இறங்கும் ரகம். அதற்கு ஸ்டாப் லாஸை 460-ல்தான் வைக்க முடியும். வித்தியாசம் 40 ரூபாய். 2,000-ஐ 40-ஆல் வகுத்தால் 50 பங்குகள்தான். ஒரே விலை, ஒரே மூலதனம், ஆனால் முதலாவதில் 66,500 ரூபாய் போடுகிறீர்கள், இரண்டாவதில் 25,000 ரூபாய். இரண்டிலும் தோற்றால் போவது அதே 2,000 ரூபாய். 'எப்பவும் 100 ஷேர்' என்பவர் முதல் பங்கில் 1,500 ரூபாயும் இரண்டாவதில் 4,000 ரூபாயும் இழப்பார். எந்த டிரேடில் எவ்வளவு போகும் என்பதை அவர் முடிவு செய்யவில்லை, பங்கின் குணம் முடிவு செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஸ்டாப் லாஸ், அதன்பிறகுதான் எண்ணிக்கை. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'எனக்கு 400 ஷேர் வேணும், ரிஸ்க் 2,000-க்குள்ள இருக்கணும், அப்போ ஸ்டாப் லாஸ் 5 ரூபாய்' என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். தாளில் 1% விதி காப்பாற்றப்பட்டது போலத் தெரியும். ஆனால் தினமும் 8 ரூபாய் ஏறி இறங்கும் பங்குக்கு 5 ரூபாயில் ஸ்டாப் லாஸ் வைத்தால், கணிப்பு சரியாக இருந்தாலும் வழியிலேயே வெளியே தள்ளப்படுவீர்கள். 'நான் வித்த பிறகுதான் ஏறுது' என்ற புலம்பலின் பின்னால் பெரும்பாலும் இந்தத் தலைகீழ்க் கணக்குதான் இருக்கும்.

பங்கின் சராசரி தினசரி ஏற்ற இறக்கத்தை அளக்க, சார்ட்டில் ATR என்ற அளவுகோல் இருக்கிறது. 1983-ல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற டிரேடர், அனுபவமில்லாத சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். 'டர்டில்ஸ்' என்று பின்னாளில் பிரபலமான குழு அது. அவர்கள் எத்தனை கான்ட்ராக்ட் வாங்குவது என்பதையே இந்த ஏற்ற இறக்க அளவை வைத்துத்தான் தீர்மானித்தார்கள். அதன் இரண்டு மடங்கு தூரத்தில் ஸ்டாப் லாஸ் வைத்தார்கள். அந்த முறையில் ஒரு டிரேட் தோற்றால் கணக்கில் சுமார் 2% குறையும். நீங்கள் ATR-ஐ நேரடியாகப் பயன்படுத்தாவிட்டாலும், உங்கள் ஸ்டாப் லாஸ் ஒரு ATR-ஐ விட நெருக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால், பல நாள் வைத்திருக்க நினைக்கும் டிரேடுக்கு அது மிக நெருக்கம்.

133 அல்ல, 121

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 500-க்கு வாங்கி 485-க்கு விற்றால் இழப்பு வெறும் 15 ரூபாய் இல்லை. டெலிவரியாக வாங்கும் பங்குக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1% பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. இந்தப் பங்குக்கு அதுவே ஏறத்தாழ 1 ரூபாய். முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், விற்கும்போது டிமேட் கணக்கில் பிடிக்கும் தொகை எல்லாம் சேர்த்தால் 1 ரூபாய் 20 காசு பக்கம் வரும். 485-ல் விற்கச் சொன்னது 484.70-ல் விற்கலாம். ஆகவே ஒரு பங்குக்கு ஒன்றரை ரூபாய் சேர்த்துக்கொள்வோம். உங்கள் புரோக்கர் டெலிவரிக்கும் புரோக்கரேஜ் பிடிப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கூகுள் ஷீட்டில் ஒரே வரியில் இதைப் போட்டுவிடலாம். B1-ல் மூலதனம், B2-ல் சதவீதம், B3-ல் வாங்கும் விலை, B4-ல் ஸ்டாப் லாஸ், B5-ல் ஒரு பங்குக்கான செலவு:

```
=INT(B1*B2/(B3-B4+B5))
```

2,00,000, 1%, 500, 485, 1.5 என்று கொடுத்தால் 121 வரும். தொகையாகப் பார்த்தால் 60,500 ரூபாய். 133-க்கும் 121-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஸ்டாப் லாஸ் எவ்வளவு நெருக்கமோ, செலவின் பங்கு அவ்வளவு பெரிதாகும். 3 ரூபாய் ஸ்டாப் லாஸ் வைப்பவருக்கு ஒன்றரை ரூபாய் செலவு என்றால், அவர் நினைத்ததைப் போல ஒன்றரை மடங்கு ரிஸ்க் எடுக்கிறார்.

அந்த 3 ரூபாய் ஸ்டாப் லாஸில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செலவை விட்டுவிட்டுப் பார்த்தால் 2,000-ஐ 3-ஆல் வகுக்க 666 பங்குகள் வரும். அதாவது 3,33,000 ரூபாய். கையில் இருப்பதோ 2 லட்சம். 'இன்ட்ராடேல மார்ஜின் கிடைக்குமே' என்று தோன்றும். கிடைக்கும்தான். ஆனால் சூத்திரம் உங்கள் மூலதனத்தைத் தாண்டிய எண்ணைக் கொடுக்கிறது என்றால், பெரும்பாலும் ஸ்டாப் லாஸ் ரொம்ப நெருக்கமாக இருக்கிறது என்றுதான் பொருள்.

ஏன் 1%? ஏன் 5% கூடாது?

தொடர் தோல்விகள்தான் காரணம். பாதிக்குப் பாதி ஜெயிக்கும் ஒரு முறை உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். 100 முறை சுண்டும்போது, எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு முறை பூ விழும் வாய்ப்பு பாதிக்கும் மேல். தொடர்ந்து ஏழு முறை விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அதாவது வாரத்துக்கு இரண்டு டிரேட் எடுப்பவர், ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக ஆறு தோல்விகளைப் பார்ப்பது விதிவிலக்கு இல்லை, எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 40% மட்டும் ஜெயிக்கும் முறை என்றால் தொடர் இன்னும் நீளும்.

இப்போது பத்து தோல்விகள் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் பணத்தில் 1% போனால், பத்துக்குப் பிறகு கணக்கு 9.6% குறைந்திருக்கும். 2 லட்சம், 1,80,900 ரூபாய் பக்கம் நிற்கும். திரும்ப 2 லட்சத்துக்கு வர 10.6% சம்பாதித்தால் போதும். 2% என்றால் குறைவு 18.3%. 5% ரிஸ்க் எடுத்தவருக்கு 40% போயிருக்கும், பழைய இடத்துக்கு வர 67% சம்பாதிக்க வேண்டும். 10% எடுத்தவருக்கு 65% காலி. அவர் எழுந்து வர மிச்சப் பணத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்க வேண்டும். முறை ஒன்றே, தோல்விகளும் ஒன்றே, எண்ணிக்கை மட்டும்தான் வேறு.

1-க்கும் 2-க்கும் நடுவே எது சரி என்பதில் ஒரே விடை கிடையாது. புதிதாக ஒரு முறையைச் சோதிப்பவர் அரை சதவீதத்தில் தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை. சதவீதத்தைத் தேர்ந்த பிறகு அடுத்த டிரேடுக்கு 'இது கண்டிப்பா போகும்' என்று அதை மூன்றாக்குவதுதான் தவறு. அந்த ஒரு டிரேடின் முடிவு மற்ற மூன்றின் உழைப்பை அழித்துவிடும்.

எது மூலதனம்?

இந்த டிரேடிங்குக்கென்று ஒதுக்கிய, உங்கள் சொந்தப் பணம் மட்டும். மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப்., அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் ஆறு மாதச் சம்பளம் எதுவும் இதில் சேராது. புரோக்கர் தரும் கடனும் சேராது. இன்ட்ராடேயில் ஐந்து மடங்கு மார்ஜின் கிடைப்பதால் ஆப்பில் '10 லட்சம்' என்று காட்டலாம். அதில் 1% என்று 10,000 ரூபாய் ரிஸ்க் எடுத்தால், அது உங்கள் சொந்தப் பணத்தில் 5%.

ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் 1% என்பது சற்றுச் சிறிதாகும். 1,98,000 ரூபாயில் அது 1,980. லாபம் வந்தால் பெரிதாகும். இதைத் தினமும் மாற்ற வேண்டிய அவசியமில்லை, வாரம் ஒருமுறை போதும்.

ஸ்டாப் லாஸ் வேலை செய்யாத நாள்

இந்த விதியின் மிகப் பெரிய பலவீனம், ஸ்டாப் லாஸ் சொன்ன விலையில் விற்கும் என்று அது நம்புவதுதான். இரவில் செய்தி வந்து காலையில் விலை பள்ளத்தில் திறந்தால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

நிஜ உதாரணம் ஒன்று. 2025 மார்ச் 10 அன்று இண்டஸ்இண்ட் வங்கிப் பங்கு சுமார் 900 ரூபாயில் முடிந்தது. அன்று மாலை, தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடுகள் இருப்பதாகவும், அதன் பாதிப்பு நிகர மதிப்பில் சுமார் 2.35% வரை இருக்கலாம் என்றும் வங்கி பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. மறுநாள் காலை பங்கு சுமார் 810 ரூபாயில் திறந்தது. மாலையில் 656 ரூபாய் பக்கம் முடிந்தது. ஒரே நாளில் 27% சரிவு.

முந்தைய நாள் 900 ரூபாயில் வாங்கி, 870-ல் வெளியேறத் திட்டமிட்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூலதனம் அதே 2 லட்சம். ரிஸ்க் 2,000, வித்தியாசம் 30 ரூபாய், ஆக 66 பங்குகள். போட்ட பணம் 59,400 ரூபாய்.

அவர் காலையில் சந்தை திறந்ததும், கிடைத்த 810-க்கு விற்றிருந்தால் இழப்பு 5,940 ரூபாய். 1% என்று நினைத்தது 3% ஆகியிருக்கும். வலிக்கும், ஆனால் தாங்கலாம்.

'870-க்குக் கீழே போனால் 868-க்கு விற்கவும்' என்று GTT போட்டுவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போனவரின் நிலை வேறு. பல ஆப்களில் GTT என்பது லிமிட் ஆர்டராகத்தான் போகும். விலை 870-க்குக் கீழே வந்ததால் ஆர்டர் கிளம்பும், ஆனால் 868 ரூபாய் கொடுத்து வாங்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். மாலையில் 656-ல் பார்த்தால் இழப்பு 16,104 ரூபாய். மூலதனத்தில் 8%.

SL-க்கும் SL-M-க்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். SL ஒரு குறைந்தபட்ச விலையைக் கேட்டு நிற்கும், SL-M வந்த விலைக்கு விற்றுவிடும். இரண்டுமே அன்றைய நாளுக்கு மட்டும்தான் செல்லும், மறுநாள் மறுபடி போட வேண்டும். GTT-யில் லிமிட் விலையைத் தூண்டும் விலையிலிருந்து இரண்டு ரூபாய் தள்ளி வைக்காமல், கொஞ்சம் தாராளமாகக் கீழே வைத்தால் சாதாரண நாட்களில் விற்பனை நடந்துவிடும். ஆனால் மேலே பார்த்தது போன்ற நாளில் அதுவும் போதாது.

ஆகவே 1% விதியோடு கூடவே இன்னொரு வரம்பும் தேவை. ஒரே பங்கில் மூலதனத்தில் எத்தனை சதவீதத்துக்கு மேல் போடமாட்டேன் என்ற வரம்பு. இரவு முழுக்க வைத்திருக்கும் பங்குகளுக்கு 25% என்று ஒருவர் வைத்திருந்தால், மேலே சொன்ன உதாரணத்தில் அவர் 50,000 ரூபாய்க்கு 55 பங்குகள்தான் வாங்கியிருப்பார். ஸ்டாப் லாஸ் முழுமையாகத் தோற்றுப்போன அந்த நாளிலும் இழப்பு 7 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. முழு 2 லட்சத்தையும் அதே பங்கில் போட்டவருக்கு 54,000 ரூபாய் போயிருக்கும்.

ஐந்து டிரேட், ஒரே பந்தயம்

அரசு வங்கி, அரசு மின்துறை நிறுவனம், ரயில்வே தொடர்பான பங்கு என்று ஐந்து பொதுத்துறைப் பங்குகளை ஒருவர் வாங்குகிறார். ஒவ்வொன்றிலும் 1% ரிஸ்க். பார்க்க ஐந்து தனித்தனி டிரேட் போல இருக்கும். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி சுமார் 5.9% சரிந்தது. பல பொதுத்துறைப் பங்குகள் இரட்டை இலக்கச் சதவீதத்தில் விழுந்தன. அன்று அந்த ஐந்தும் ஒரே டிரேடாக மாறியிருக்கும். ஸ்டாப் லாஸ் சரியாக வேலை செய்திருந்தால்கூட 5%.

இதற்காக, திறந்திருக்கும் எல்லா டிரேடுகளின் மொத்த ரிஸ்க்குக்கும் ஒரு உச்சவரம்பு வைப்பார்கள். உதாரணமாக மொத்தம் 4%, ஒரே துறையில் 2%. வாங்கிய பங்கு ஏறி, ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கே உயர்த்திவிட்டால் அந்த டிரேடின் ரிஸ்க் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அப்போது புதிய டிரேடுக்கு இடம் கிடைக்கும்.

விதி 'சைபர்' என்று சொன்னால்?

எஃப் அண்ட் ஓ-வில்தான் இந்தக் கணக்கு பலருக்குக் கசக்கிறது. பங்குகளை 121, 50 என்று எந்த எண்ணிக்கையிலும் வாங்கலாம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் லாட்டாகத்தான் வாங்க முடியும். 2024 நவம்பரில் செபியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது நிஃப்டியின் லாட் 25-லிருந்து 75 ஆனது. லாட் அளவு அவ்வப்போது மாறும், எனவே அன்றைய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 75 என்றே வைத்துக் கணக்கிடுவோம்.

நிஃப்டி ஃபியூச்சர்ஸில் 80 புள்ளி ஸ்டாப் லாஸ். ஒரு லாட்டுக்கு 6,000 ரூபாய். உங்கள் 1% என்பது 2,000. வகுத்தால் 0.33 லாட். முழு எண்ணாக்கினால் பூஜ்யம். இந்த டிரேடை 1% ரிஸ்கில் எடுக்க 6 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். 2 லட்சத்தை வைத்துக்கொண்டு 2,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டுமானால் ஸ்டாப் லாஸ் 26 புள்ளி. நிஃப்டி அதைச் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும்.

'அப்போ ஆப்ஷன் வாங்கிக்கலாம், அதுதான் சீப்' என்பது வழக்கமாக வரும் பதில். 120 ரூபாய் பிரீமியம், 90-ல் ஸ்டாப் லாஸ் என்றால் 30 ரூபாயை 75-ஆல் பெருக்க 2,250 ரூபாய். இதுவும் 1 சதவீதத்தைத் தாண்டுகிறது. தேசிய பங்குச் சந்தையில் ஆப்ஷன்களுக்கு SL-M வசதி கிடையாது, லிமிட் விலையோடுதான் ஸ்டாப் லாஸ் போட முடியும் என்பதால், வேகமாக விழும் பிரீமியத்தில் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும் அபாயம் அதிகம். எக்ஸ்பைரி நாளில் முழு பிரீமியமும் போகலாம் என்று வைத்துப் பார்த்தால் ரிஸ்க் 9,000 ரூபாய், அதாவது 4.5%. ஆப்ஷன் வாங்குபவர்கள் முழு பிரீமியத்தையும் ரிஸ்க்காக எண்ணுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் 'ஒரே ஒரு லாட்தானே' என்று விதியைத் தளர்த்துகிறார்கள். 2 லட்சத்துக்கு அந்த ஒரே ஒரு லாட் 3% முதல் 4.5% வரை. மேலே பார்த்த பத்து தோல்விக் கணக்கில் இது எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்ததாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. அத்தனைக்கும் எண்ணிக்கைக் கணக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சிறிய மூலதனமும் பெரிய லாட்டும் சேரும்போது 1% விதிக்கு அங்கே இடமே இல்லை என்பது கணக்கிலேயே தெரிகிறது. சூத்திரம் பூஜ்யம் என்று காட்டினால், அந்த டிரேட் உங்கள் கணக்குக்கு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விதியைப் பின்பற்றுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிரேடர்கள் ஒவ்வொரு டிரேடிலும் எடுத்த ரிஸ்க்கை R என்று எழுதுவார்கள். நம் கணக்கில் R என்றால் 2,000 ரூபாய். 4,000 லாபம் வந்தால் +2R. சரியாக ஸ்டாப் லாஸில் வெளியேறினால் −1R. ஷீட்டில் இதற்கென்று ஒரு பத்தி போதும்.

இதன் பயன் ஒரு உதாரணத்தில் தெரியும். 100 டிரேடில் 40 ஜெயிக்கிறது, ஜெயிக்கும்போது சராசரியாக 2R. தோற்கும் 60-லும் 1R. 80-லிருந்து 60 போக, +20R மிச்சம். நல்ல முறைதான். இப்போது அதே முறையில், தோல்விகளின் சராசரி மட்டும் 1R-க்குப் பதில் 1.6R என்று ஆகிவிட்டால்? 60 தோல்விகளுக்கு 96R. முடிவு −16R. பங்குத் தேர்வு மாறவில்லை, ஜெயிக்கும் விகிதம் மாறவில்லை. லாபம் தந்த முறை நஷ்டம் தரும் முறையாகிவிட்டது. மாறாக, தோல்விகள் எல்லாம் சரியாக −1R-ல் நின்றும் 100 டிரேடுக்குப் பிறகு கூட்டுத்தொகை மைனஸில் இருந்தால், சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, முறையில்தான். 1% விதி மோசமான முறையை நல்லதாக்காது, பணம் கரையும் வேகத்தைத்தான் குறைக்கும்.

ஆகவே கடைசியாகத் தோற்ற 20 டிரேடுகளை எடுத்து, அவற்றின் சராசரியை மட்டும் பாருங்கள். 1.1R, 1.2R என்றால் செலவும் விலை வழுக்கலும்தான், B5-ல் உள்ள எண்ணை உயர்த்தினால் சரியாகிவிடும். ஒன்றிரண்டு டிரேட் மட்டும் −3R, −4R என்று நின்று மற்றவை ஒழுங்காக இருந்தால், அது இரவு இடைவெளியின் வேலை. ஒரு பங்குக்கான உச்சவரம்பைக் குறைக்க வேண்டும், அல்லது காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும்.

பரவலாக எல்லாமே 1.5R-க்கு மேல் என்றால், ஸ்டாப் லாஸ் நகர்கிறது. இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஆவரேஜிங் இருக்கும். 500-ல் 121 பங்கு வாங்கியவர், 486 வந்ததும் 'சீப்பா கிடைக்குது' என்று இன்னொரு 121 வாங்கி, ஸ்டாப் லாஸை 465-க்கு இறக்குகிறார். சராசரி விலை 493 என்று குறைந்ததில் ஒரு திருப்தி. 465-ல் வெளியேறும்போது 242 பங்குகளுக்கு 28 ரூபாய் வீதம் 6,776 ரூபாய், செலவு தனி. முதலில் வாங்கியபோது 1% ஆக இருந்தது இப்போது 3.4%. ஷீட்டில் இரண்டாவது வாங்குதலைத் தனி வரியில் எழுதினால் இது கண்ணில் படாது. ஒரே பங்கின் இரு வாங்குதல்களையும் ஒரே வரியில் சேர்த்து, முதல் நாளில் முடிவு செய்த 2,000-ஆல் வகுத்தால் −3.4R என்று தெரியும்.